ஒன்றரை மடங்கு ஏன் போதாது?

கேள்வி: எனக்கும் என் பள்ளித் தோழிக்கும் 38 வயது. அவள் 28 வயதிலிருந்து பி.பி.எஃப். என்னும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் மாதம் 2,000 ரூபாய் போடுகிறாள். 58 வரை போடப் போகிறாள். அவளுக்குக் கிடைக்கும் அதே தொகை 58 வயதில் எனக்கும் வேண்டும். அவளுக்கு 30 ஆண்டு, எனக்கு 20 ஆண்டு. அப்படியானால் ஒன்றரை மடங்கு, அதாவது 3,000 போட்டால் போதும்தானே? அக்காள் மகன் 4,600-க்கு மேல் ஆகும் என்கிறான். இரண்டு ஏக்கர் தேயிலைதான் வருமானம். இலைப் பணம் மாதம் 15 தேதிக்கு மேல்தான் கைக்கு வரும். வீட்டுக் கடன் மூன்று ஆண்டில் முடியும்; அதுவரை 3,000-க்கு மேல் முடியாது. கடன் முடிந்த பிறகு பெரிய தொகையாகத் தொடங்கினால் ஆகாதா?
– வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கணக்கு உண்டியலுக்குச் சரியானது. வட்டியே இல்லாத ஓர் உண்டியலில் உங்கள் தோழி 30 ஆண்டுகள் மாதம் 2,000 போட்டால் 7,20,000 ரூபாய் சேரும். நீங்கள் 20 ஆண்டுகள் மாதம் 3,000 போட்டாலும் அதே 7,20,000 தான். பி.பி.எஃப். கணக்கில் பணம் போடுபவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்லர். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31 அன்று வட்டி என்னும் பெயரில் இன்னொருவரும் அதில் பணம் போடுகிறார். அவர் போடும் தொகை, கணக்கில் அதுவரை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒன்றரை மடங்குக் கணக்கில் விடுபட்டவர் அவர்தான். உங்கள் அக்காள் மகன் சொன்னது சரி. துல்லியமாகச் சொன்னால் 4,641 ரூபாய் வருகிறது.

இந்த எண் எப்படி வந்தது என்பதைத் தோழியின் பாஸ்புக்கை வைத்தே பார்ப்போம். பி.பி.எஃப். வட்டி விகிதத்தை அரசு காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து அது 7.1 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் இதைவிடக் கூடுதலாக இருந்ததால் தோழியின் உண்மையான இருப்பு நான் இங்கே காட்டுவதைவிடச் சற்று அதிகமாக இருக்கலாம். ஒப்பிடுவதற்கு எளிதாக இருக்க, முழுக் காலத்துக்கும் 7.1 சதவீதம் என்றே வைத்துக்கொள்கிறேன். இருவருமே ஒவ்வொரு மாதமும் 5 தேதிக்குள் பணம் போடுவதாகவும் கொள்கிறேன்.

முதல் ஆண்டில் தோழி போட்டது 24,000 ரூபாய். மார்ச் 31 அன்று வரவான வட்டி 923 ரூபாய். இவ்வளவுதானா என்று யாருக்கும் தோன்றும். குன்னூரில் என் அலுவலகத்துக்கு வருபவர்களில் பலர் இந்த முதல் வரியைப் பார்த்துத்தான் மனம் தளர்ந்து, இரண்டாம் ஆண்டில் குறைந்தபட்சத் தொகையான 500 ரூபாயை மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். தோழி ஒதுங்கவில்லை. பத்தாம் ஆண்டில் அவருக்கு வந்த வட்டி 22,207 ரூபாய். அது அவர் அந்த ஆண்டில் போட்ட 24,000-ஐ நெருங்கிவிட்டது. பதினோராம் ஆண்டில் வட்டி 25,487 ரூபாய் ஆகிறது. அதாவது அவர் கைப்பணத்தைவிட வட்டி போடும் பணம் அந்த ஆண்டில் கூடுதலாகிவிடுகிறது, அதன் பிறகு ஒருபோதும் குறைவதில்லை. முப்பதாம் ஆண்டில், அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும், வட்டி 1,58,000 ரூபாயைத் தாண்டுகிறது.

அந்தப் பதினோராம் ஆண்டுதான் உங்களுக்கு முதல் ஆண்டு. மாதம் 4,641 போட்டாலும்கூட உங்கள் பாஸ்புக்கில் அந்த மார்ச்சில் விழும் வட்டி ஏறக்குறைய 2,140 ரூபாய். அதே நாளில் தோழியின் பாஸ்புக்கில் விழுவது 25,487. நீங்கள் அவரைவிட இருமடங்குக்கு மேல் போட்டும், அவருக்கு வரும் வட்டியில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்குதான் உங்களுக்கு வருகிறது. இந்த இடைவெளியை 20 ஆண்டுகளுக்குள் உங்கள் கைப்பணத்தைக் கொண்டே அடைக்க வேண்டியிருக்கிறது.

இறுதித் தொகையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகும். தோழிக்கு 58 வயதில் சேரும் மொத்தத் தொகை ஏறக்குறைய 23,97,000 ரூபாய். அதில் அவர் 28 முதல் 38 வயது வரை போட்ட பணத்திலிருந்து வந்தது எவ்வளவு, அதற்குப் பிறகு போட்டதிலிருந்து வந்தது எவ்வளவு? முதல் பத்து ஆண்டுகளில் அவர் போட்டது 2,40,000. இன்று அது வட்டியோடு 3,46,000 ரூபாயாக நிற்கிறது. இனி அதோடு ஒரு ரூபாயும் சேர்க்காமல் அப்படியே விட்டாலும், அடுத்த 20 ஆண்டுகளில் அது 3.94 மடங்காகி 13,64,000 ரூபாய் ஆகிவிடும். இனிமேல் அவர் போடப்போகும் பணம் 4,80,000. முதல் பகுதியைப் போல இரண்டு மடங்கு. ஆனால் அதிலிருந்து 58 வயதில் கிடைப்பது 10,33,000 ரூபாய்தான். குறைவாகப் போட்ட முதல் பத்து ஆண்டுகள், அதைவிட இருமடங்கு பணம் போகும் பின்னிருபது ஆண்டுகளைவிடக் கூடுதலாகத் தருகின்றன.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருவோம். நீங்கள் இன்றிலிருந்து மாதம் 2,000 போட்டால், தோழியின் இரண்டாம் பகுதியோடு அது அச்சாக ஒத்துப்போகும். உங்களுக்கும் 10,33,000 கிடைக்கும். குறைவது அந்த 13,64,000. அதை ஈடுகட்ட மாதம் 2,641 ரூபாய் கூடுதலாகப் போட வேண்டும். 2,000-ஐயும் 2,641-ஐயும் கூட்டினால் 4,641. இந்த 2,641-ஐ 20 ஆண்டுகளுக்குப் பெருக்கினால் 6,34,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. தோழி இருபத்தெட்டாவது வயதில் தொடங்கி 2,40,000 ரூபாயில் முடித்த வேலையை, நீங்கள் 6,34,000 ரூபாய் செலுத்திச் செய்ய வேண்டும். நீங்கள் நினைத்தபடி 3,000 மட்டும் போட்டு வந்தால் 58 வயதில் சேர்வது 15,49,000 ரூபாய். அதாவது எட்டரை லட்சம் குறையும்.

பத்து ஆண்டுகள் என்பது மூன்றில் ஒரு பங்குக் காலம்தானே, விளைவு மட்டும் ஏன் பாதிக்கு மேல் என்று நீங்கள் கேட்கலாம். 7.1 சதவீத வட்டியில் பணம் இரட்டிப்பாக ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகும். 28 வயதில் போட்ட ஒரு ரூபாய் 38-இல் இரண்டு ரூபாய், 48-இல் நான்கு ரூபாய், 58-இல் கிட்டத்தட்ட எட்டு ரூபாய். 38 வயதில் போட்ட ரூபாய்க்கு இரண்டே இரட்டிப்புகள்தாம்; அது நான்கு ரூபாயோடு நின்றுவிடும். தாமதத்தால் ஓர் இரட்டிப்பு போயிற்று. பலர் அது தொடக்கத்தில் நடக்கும் சிறிய இரட்டிப்பு, ஒன்று இரண்டாகும் இரட்டிப்பு, என்று எண்ணுகிறார்கள். நீங்களும் ஒன்றை இரண்டாக்குகிறீர்கள், இரண்டை நான்காக்குகிறீர்கள். நான்கை எட்டாக்கும் கடைசி இரட்டிப்புக்குத்தான் உங்களுக்குக் காலம் இருப்பதில்லை. தவறவிட்டது முதல் பத்து ஆண்டுகளாக இருந்தாலும், இழப்பு விழுவது கடைசிப் பத்து ஆண்டுகளின் விளைச்சலில்.

இதனால்தான் வட்டி விகிதம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குத் தாமதத்தின் சுமையும் கூடுகிறது. இருவருக்கும் 4 சதவீத வட்டிதான் என்றால், 20 ஆண்டுக்காரர் 30 ஆண்டுக்காரரைப் போல 1.9 மடங்கு போட்டால் போதும். 7.1 சதவீதத்தில் அது 2.3 மடங்கு. 10 சதவீதத்தில் ஏறக்குறைய 2.9 மடங்கு. உங்கள் ஒன்றரை மடங்கு பொருந்துவது வட்டியே இல்லாத உண்டியலுக்கு மட்டுமே.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 3,000 ரூபாயிலேயே தோழியின் தொகையை எட்டிவிட வழி உண்டு என்று யாரேனும் உங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். உண்டு, 20 ஆண்டுகளும் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 சதவீதம் கிடைக்க வேண்டும். பங்குச் சந்தை சார்ந்த திட்டங்களில் நீண்ட காலத்தில் அப்படிக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். உங்கள் 57-ஆவது வயதில் சந்தை சரிந்தால் மீண்டு வரும்வரை காத்திருக்கக் காலம் இருக்காது. அந்த 11 சதவீதத்தை உறுதி என்று சொல்லி ஒருவர் ஊர்ச் சீட்டையோ, ரசீது இல்லாத வைப்பையோ உங்கள் முன் வைத்தால், அவரிடம் ஒரு மாதப் பணத்தைக்கூடக் கொடுக்காதீர்கள். பத்து ஆண்டு தாமதத்தை ஆபத்தான வட்டியால் ஈடுகட்ட முயன்று முதலையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே நாற்பதை நெருங்கும் வயதில் அவசரப்பட்டவர்கள்.

இனி உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி. வீட்டுக் கடன் முடியும்வரை காத்திருந்து, 41 வயதில் பெரிய தொகையாகத் தொடங்கினால் உங்களிடம் 17 ஆண்டுகள் இருக்கும். அப்போது அதே 23,97,000-ஐ எட்ட மாதம் 6,181 ரூபாய் தேவைப்படும். மாறாக, இந்த மாதமே உங்களால் முடிந்த 3,000 ரூபாயோடு தொடங்கி, கடன் முடிந்ததும் தொகையை உயர்த்தினால், அந்த 17 ஆண்டுகளுக்கும் மாதம் 5,186 போதும், பி.பி.எஃப்.-இல் 50 ரூபாயின் மடங்கில்தான் போட வேண்டும் என்பதால் 5,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று ஆண்டுகளில் நீங்கள் போடுவது 1,08,000 ரூபாய்தான். அது 58 வயதில் 3,86,000 ஆகிவிடுவதால், பின்னால் 17 ஆண்டுகளும் மாதாமாதம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்ச் சுமை குறைகிறது. ஆகவே காத்திருக்க வேண்டாம். 4,641 போட முடியவில்லை என்பது 3,000 போடாமல் இருக்கக் காரணமாகாது.

கடன் தவணை முடியும் மாதத்தில் இருந்து உயர்த்துங்கள் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஆண்டுதோறும் இவ்வளவு சதவீதம் உயர்த்துங்கள் என்பது மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும் அறிவுரை. பச்சைத் தேயிலையின் விலை ஆண்டுதோறும் உயரும் என்று நம்பி எந்தத் திட்டமும் போட முடியாது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். தவணையாக ஏற்கெனவே கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கும் பணம், முடிந்த மறுமாதமே சேமிப்புக்குத் திரும்பினால் வீட்டுச் செலவில் எந்த மாற்றமும் தெரியாது. இரண்டு மாதம் இடைவெளி விட்டால் அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு வேலை வந்துவிடும்.

இலைப் பணம் 15 தேதிக்கு மேல் வருவது பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டிய அளவு பெரிதல்ல. பி.பி.எஃப்.-இல் ஒவ்வொரு மாதமும் 5 தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 16 தேதி போட்ட பணத்துக்கு அந்த மாத வட்டி இல்லை. அடுத்த மாதத்திலிருந்து உண்டு. எல்லா மாதமும் தாமதமாகவே போட்டாலும், அதே இலக்கை எட்ட மாதம் 4,641-க்குப் பதில் 4,668 போட வேண்டியிருக்கும். 27 ரூபாய் வேறுபாடு. பத்து ஆண்டு தாமதம் 2,641 ரூபாய் கேட்கிறது, பத்து நாள் தாமதம் 27 ரூபாய் கேட்கிறது. எனவே அடுத்த மாதம் 5 தேதிக்குள் போடலாம் என்று பணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டாம். வட்டியில் இரண்டும் ஒன்றே, செலவாகிவிடும் அபாயம் மட்டும் கூடுதல். கைக்கு வந்த அன்றே அஞ்சலகத்தில் போட்டுவிடுங்கள்.

உறைபனியில் இலை குறையும் மாதங்களிலும், கவாத்து செய்த ஆண்டிலும் 3,000 முடியாமல் போகலாம். கணக்கில் மாதத் தவணை என்ற கட்டாயம் இல்லை. ஜனவரியில் 2,000 குறைத்துவிட்டு ஏப்ரலில் அதைச் சேர்த்துப் போட்டால், இழப்பது மூன்று மாத வட்டியான 36 ரூபாய் அளவுதான். ஆனால் அந்த 2,000 ஏப்ரலில் உண்மையாகவே வந்து சேர வேண்டும். கவாத்து ஆண்டு முன்கூட்டியே தெரிந்த ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டிலேயே சற்றுக் கூடுதலாகப் போட்டு வைத்தால் மனச்சுமை இல்லை.

தொகை சரியாக இருந்தும் இலக்கைத் தவறச் செய்யும் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு தொடங்கும் நிதியாண்டு முடிந்து 15 ஆண்டுகளில் அது முதிர்ச்சி அடையும். உங்களுக்கு 20 ஆண்டுகள் வேண்டும்; ஆகவே முதிர்ச்சி அடைந்த ஓராண்டுக்குள், பணம் போட்டுக்கொண்டே இன்னும் 5 ஆண்டுகளுக்கு நீட்டிக்க விரும்புவதாக விண்ணப்பம் கொடுக்க வேண்டும். விண்ணப்பிக்காமல் பணத்தை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அப்படிப் போட்ட தொகைக்கு வட்டி கிடைக்காது. அடுத்தது, ஏழாம் நிதியாண்டிலிருந்து கணக்கில் ஒரு பகுதியை எடுக்க அனுமதி உண்டு. 45 வயதில் ஒரு திருமணச் செலவுக்காக 50,000 எடுத்தால், 58 வயதில் குறைவது 50,000 அல்ல, ஏறக்குறைய 1,22,000. எடுக்கும் நாளில் பாஸ்புக்கில் இந்தக் கணக்கு எழுதியிருக்காது என்பதால் பலருக்கு இது தெரிவதில்லை. இந்தக் காரணத்துக்காகத்தான், அவசரத் தேவைக்கென்று ஒரு சிறு தொகையை வங்கிச் சேமிப்புக் கணக்கில் தனியே வைத்துக்கொள்ளும்படி சொல்வேன்.

தோழியின் தொகையை எட்டுவதா, கொஞ்சம் குறைவான தொகையோடு நிறைவடைவதா என்பதையும் நீங்கள் மறுபடி யோசிக்கலாம். அது உங்கள் வீட்டுத் தேவையைப் பொறுத்தது. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், 20 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைக்கும் 23,97,000 இன்றைய 9 லட்சத்துக்குத்தான் சமம். அது தோழிக்கும் உங்களுக்கும் ஒன்றே; 2.3 மடங்கு என்ற விகிதம் அதனால் மாறாது. ஆனால் முடிவை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து, 48 வயதில், இதே தொகைக்காகத் தொடங்குபவர் மாதம் 13,857 ரூபாய் போட வேண்டும். பி.பி.எஃப்.-இல் ஓர் ஆண்டுக்குப் போட அனுமதிக்கப்படும் உச்ச வரம்பு 1,50,000 ரூபாய், மாதத்துக்கு 12,500. அதாவது அந்த வயதில் அவரிடம் பணமே இருந்தாலும், இந்தக் கணக்கில் அவரால் அந்தத் தொகையை எட்ட முடியாது.

ஏப்ரல் மாதத்தில் தொடங்க முடிந்தால், அடுத்த மார்ச் 31 வரவுக்குப் பிறகு பாஸ்புக்கைப் பதிவு செய்து வாங்கிப் பாருங்கள். மாதம் 3,000 வீதம் ஒவ்வொரு மாதமும் 5 தேதிக்குள் போட்டிருந்தால் வட்டி ஏறக்குறைய 1,385 ரூபாய் இருக்க வேண்டும். எல்லா மாதமும் 15 தேதிக்கு மேல் போட்டிருந்தால் ஏறக்குறைய 1,172. இந்த இரண்டுக்கும் கீழே இருந்தால் ஏதோ ஒரு மாதப் பணம் கணக்கில் ஏறவில்லை என்று பொருள். பாஸ்புக்கோடு அஞ்சலகத்துக்குச் சென்று மாத வாரியாகச் சரிபார்த்துவிடுங்கள்.